ஒரு இதழா, முழுச் சுற்றா?

வண்ணாரப்பேட்டையில் மாடி அறை டியூஷனில் போன வாரம் r = 2 cos 3θ கொடுத்தேன். சீலிங் ஃபேன் மாதிரி மூன்று இதழ், மொத்தப் பரப்பு கேள்வி. பாதிப் பேர் 2π என்றார்கள், மீதிப் பேர் π.

2π வந்தவர்கள் ½∫r² dθ சூத்திரத்தில் 0 முதல் 2π வரை கண்ணை மூடிக்கொண்டு போட்டவர்கள். கணக்குப் போட்டதில் தப்பே இல்லை, ஆனால் இந்த வளைவு 0 முதல் π வரை போனாலே முழுசாக வரைந்து முடிந்துவிடும், அதற்கு மேல் அதே இதழ்கள்மேல் இன்னொரு தடவை ஓடுகிறது, அதனால் பரப்பு இரட்டிப்பாகிவிடுகிறது. r எதிர்மறை ஆனாலும் r² அதைக் காட்டிக்கொடுக்காது.

இன்னொரு வழி, ஒரு இதழை மட்டும் பிடிப்பது. r எங்கே பூஜ்யம்? cos 3θ = 0, அதாவது θ = −π/6, π/6. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு இதழ்.

½∫4cos²3θ dθ = ∫(1 + cos 6θ) dθ = π/3

cos 6θ பகுதி இந்த எல்லையில் பூஜ்யமாகிவிடும். மூன்றால் பெருக்கினால் π.

cos 2θ என்றால் நான்கு இதழ், அங்கே முழுச் சுற்றே சரியான விடை தரும். 3 போல ஒற்றைப்படை எண் வந்தால்தான் வம்பு. என் ஓட்டு இதழுக்குத்தான், எல்லை கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் கூடப் போனாலும் பரவாயில்லை. சந்தேகமா, 2 ஆரமுள்ள வட்டம் போட்டுப் பாருங்கள்: அதன் பரப்பு 4π, மூன்று ஒல்லி இதழ்கள் அதில் பாதியை எப்படி அடைக்கும்?