மனப்பாடமா, காரணமா: g5 குதிரையை வைத்து ஒரு அலசல்

செஸ்ஸில் வெள்ளையின் முதல் நகர்வுக்கு 20 வாய்ப்பு, கறுப்பின் பதிலுக்கும் 20. ஆக ஒரே சுற்றில் 400 நிலைகள். ஆனாலும் திரும்பத் திரும்ப ஒரு சில ஓப்பனிங்குகள்தான் வருகின்றன. பலகையில் உள்ள பலவீனங்கள் மாறுவதில்லை என்பதே காரணம். ஆரம்பத்தில் f7 சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. அதைக் குறிவைக்கும் ஆட்டங்கள் பெரும்பாலும் பழகிய பாதைக்கே வந்து சேரும். அந்தப் பாதையை மனப்பாடம் செய்வதா, காரணம் தெரிந்து ஆடுவதா என்பதுதான் கேள்வி.

டூ நைட்ஸ் டிஃபென்ஸை எடுத்துக்கொள்வோம்:

1.e4 e5 2.Nf3 Nc6 3.Bc4 Nf6 4.Ng5 d5 5.exd5 Na5

மனப்பாடம் செய்தவருக்கு ஐந்தாவது நகர்வு Na5 என்று தெரியும். குதிரை ஏன் ஓரத்துக்குப் போகிறது என்று கேட்டால் பதில் இருக்காது. காரணம் தேடியவர் முதலில் 5...Nxd5 போட்டுப் பார்த்திருப்பார். 6.Nxf7 Kxf7 7.Qf3+ வந்ததும் ராஜாவுக்குச் செக், d5 குதிரைக்கும் அடி. குதிரையை விடக்கூடாதென்றால் ராஜா e6-க்கு, நடுப்பலகைக்கே வரவேண்டும். அடுத்து 8.Nc3, இன்னொரு தாக்குதல். இதைப் பார்த்தவருக்கு Na5 மறக்காது: f7-ஐ மிரட்டும் பிஷப்பையே அது விரட்டுகிறது. போன சிப்பாய்க்குப் பதிலாகக் கறுப்புக்கு நேரம் கிடைக்கிறது.

வித்தியாசம் எதிராளி பாதை மாறும்போதுதான் தெரியும். வழக்கமான லைன் 6.Bb5+ c6 7.dxc6 bxc6 8.Be2 h6 9.Nf3 e4 என்று போகும். வெள்ளை இதை விட்டுவிட்டு 6.d3 ஆடினால்? மார்ஃபி ஆடிய நகர்வுதான் அது. ஒப்பிக்கிறவர் இங்கே முழிப்பார். மற்றவர் யோசிப்பார்: அந்த லைனில் h6-உம் e4-உம் எதற்கு வந்தன? g5 குதிரையைத் துரத்தத்தானே. சரி, இங்கேயும் அதே 6...h6 7.Nf3 e4. தியரி சொல்வதும் இதுதான்.

அதற்காக மனப்பாடமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நஜ்டோர்ஃப் ஓப்பனிங்கில் கறுப்பு ராணி b2 சிப்பாயைத் தின்னும் லைனில் ஒவ்வொரு நகர்வும் கணக்கு. கடிகாரம் ஓடும்போது அங்கே காரணத்தை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது. அப்படிப்பட்ட இடங்களை மட்டும் நெட்டுரு போடலாம். மற்ற இடங்களில் என் முறை இது: தியரி நகர்வை மூடிவைத்துவிட்டு, கை முதலில் போகும் நகர்வை ஆடிப்பார்ப்பது. அது எங்கே உடைகிறது என்று பலகையிலேயே கண்டுபிடித்த பிறகுதான் எஞ்சினைத் திறப்பது. அப்புறம் அந்த ஓப்பனிங்கில் முழு ஆட்டங்கள் சில.

முழு ஆட்டம் ஏன் என்றால், மேலே சொன்ன 7...e4-க்குப் பிறகு 8.dxe4 என்று வெட்டினால் c4 பிஷப் போய்விடும். 1956 மாஸ்கோ ஒலிம்பியாடில் பிரான்ஸ்டைன் தெரிந்தே அதைக் கொடுத்தார்: 8...Nxc4 9.Qd4. பிஷப்புக்கு ஈடாகக் கிடைத்த சிப்பாய்களை நடுவில் முன்னே தள்ளி, ஆட்டத்தையும் ஜெயித்தார். பிஷப்பைக் கொடுத்ததன் காரணம் முழு ஆட்டத்தைப் பார்த்தால்தான் புரியும்.