நான்கு வருடம் கூட்டுத்தொகை ஃபில்டரோடு: மணி வடிவம் நிஜம், லாபம் மட்டும் வரவில்லை

49 எண்களில் 6 எண்களைத் தேர்ந்தெடுக்கும் லாட்டரிக்காக ஒரு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கி, நான்கு வருடம் விடாமல் பயன்படுத்தினேன். வாரம் இரண்டு குலுக்கல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு சீட்டு. கணக்குப் பார்த்தால் 416 குலுக்கல், 832 சீட்டு. மென்பொருளின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த வகையில் எதை எடுத்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான்.

அதன் முக்கிய வசதி கூட்டுத்தொகை ஃபில்டர். நீங்கள் தேர்ந்தெடுத்த ஆறு எண்களையும் கூட்டும். விடை 115-க்கும் 185-க்கும் நடுவில் இருந்தால் சீட்டு பச்சை, வெளியே போனால் சிவப்பு. "வென்ற சீட்டுகளில் 70 சதவீதத்துக்கு மேல் இந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன" என்று திரையிலேயே எழுதியிருக்கும். பக்கத்தில் பழைய குலுக்கல்களின் வரைபடம் வேறு: நடுவில் உயர்ந்து, இரண்டு பக்கமும் சரிந்து, அழகான மணி வடிவம்.

அந்த 70 சதவீதம் பொய் இல்லை. நானே நோட்டில் குறித்து வைத்ததில், 416 குலுக்கல்களில் 291-இன் தொகை எல்லைக்குள் விழுந்தது. என்னை இரண்டு வருடத்துக்கும் மேல் கட்டிப்போட்டது இந்த உண்மைதான். விளம்பரம் அப்பட்டமான பொய்யாக இருந்திருந்தால் முதல் மூன்று மாதத்திலேயே வெளியே வந்திருப்பேன்.

மணி வடிவம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். ஆறு எண்களில் மிகச் சிறிய தொகை 1+2+3+4+5+6 = 21. அதற்கு ஒரே ஒரு சேர்க்கைதான் உண்டு. 22-க்கும் ஒன்றுதான், 6-க்குப் பதில் 7. மிகப் பெரிய தொகை 279. அங்கேயும் 44 முதல் 49 வரை என்ற ஒரே வழிதான். நடுவில் இருக்கும் 150-க்கு வந்தால் கதை வேறு. ஒரு எண்ணை இரண்டு குறைத்து இன்னொன்றை இரண்டு கூட்டினாலும் தொகை மாறாது. இப்படி மாற்றி மாற்றி அடுக்கினால் 150 தரும் சேர்க்கைகள் சுமார் 1,65,000 தேறும். ஒவ்வொரு எண்ணையும் 50-லிருந்து கழித்தால் தொகை 150-க்கு எதிர்ப்பக்கம் அதே தூரத்துக்குப் போய்விடுவதால், இடது பாதியும் வலது பாதியும் கண்ணாடி பிம்பம்போல ஒத்திருக்கும். சராசரி 150, திட்டவிலக்கம் சுமார் 33. குலுக்கும் இயந்திரத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. ஒரு சீட்டுகூட விற்காத லாட்டரியிலும் இதே மணிதான் வரும்.

நான் வழுக்கி விழுந்தது அடுத்த படியில். வரைபடத்தின் உயரம் எதைக் காட்டுகிறது? அந்தத் தொகைக்கு எத்தனை சேர்க்கைகள் இருக்கின்றன என்பதை. நான் அதை என் சீட்டின் பலம் என்று படித்துக்கொண்டேன். 150 என்ற வரிசையில் 1,65,000 பேர் நிற்கிறார்கள், 21 என்ற வரிசையில் ஒரே ஆள். பரிசு 150-ஆம் வரிசைக்குப் போகும் வாய்ப்பு அதிகம்தான். ஆனால் அந்த வரிசையில் நான் 1,65,000 பேரில் ஒருவன்.

இது எனக்கு உறைத்தது ஒரு குட்டி லாட்டரியைத் தாளில் போட்டுப் பார்த்தபோதுதான். 6 எண்களில் 2 எண்களை எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 15 ஜோடிகள். தொகை 3-க்கும் 4-க்கும் ஒவ்வொரு ஜோடி, 5-க்கும் 6-க்கும் இரண்டிரண்டு, 7-க்கு மூன்று (1-6, 2-5, 3-4), 8-க்கும் 9-க்கும் மறுபடி இரண்டிரண்டு, 10-க்கும் 11-க்கும் ஒவ்வொன்று. குட்டியாக இருந்தாலும் இதுவும் மணிதான். இப்போது 5 முதல் 9 வரை என்று ஃபில்டர் போட்டால் 15-இல் 11 ஜோடிகள் உள்ளே வருகின்றன, 73 சதவீதம். மென்பொருள் காட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

சரி, உள்ளே இருக்கும் ஒரு ஜோடியை வாங்குகிறேன். குலுக்கல் எல்லைக்குள் விழ வாய்ப்பு 11/15. விழுந்தால், அந்த 11-இல் என் ஜோடியாக இருக்க 1/11. பெருக்கினால் 1/15. வெளியே ஒதுக்கப்பட்ட 5-6 ஜோடியை வாங்கினால்? 4/15 பெருக்கல் 1/4, அதுவும் 1/15. முதல் பின்னத்தில் ஃபில்டர் எவ்வளவு கொடுக்கிறதோ, அதை இரண்டாவது பின்னத்தில் பைசா பாக்கி இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

பெரிய லாட்டரியிலும் இதே கணக்குதான். மொத்தச் சேர்க்கைகள் 1,39,83,816. அவற்றில் ஏறக்குறைய 1 கோடி எல்லைக்குள் இருக்கின்றன. எல்லைக்குள் விழும் வாய்ப்பு 71 சதவீதம், விழுந்தால் நான் 1 கோடியில் ஒருவன். பெருக்கிப் பாருங்கள், மறுபடி 1,39,83,816-இல் ஒன்றுக்கே வந்து நிற்கும். எல்லையைக் குறுக்கினாலும், விரித்தாலும், நகர்த்தினாலும் விடை அசையாது. நாளைய குலுக்கல் எல்லைக்குள் விழும் என்று யாராவது முன்கூட்டியே உறுதியாகச் சொன்னால் மட்டுமே ஃபில்டருக்கு மதிப்பு. மென்பொருள் அதைச் சொல்வதில்லை. பத்தில் ஏழு முறை விழும் என்று மட்டுமே சொல்கிறது.

பெரிய பரிசு இருக்கட்டும், மூன்று எண் பொருந்தும் சின்னப் பரிசுக்காவது உதவுமா என்று ஒரு நப்பாசை இருந்தது. எந்தச் சீட்டாக இருந்தாலும் மூன்றோ அதற்கு மேலோ பொருந்தும் வாய்ப்பு சுமார் 54-இல் ஒன்று. 832 சீட்டுக்குப் பதினைந்து, பதினாறு எதிர்பார்க்கலாம். என் பச்சைச் சீட்டுகளுக்குக் கிடைத்தது 14. அதே நாட்களில், காசு போடாமல், கண்ணை மூடி எடுத்த எண்களையும் நோட்டில் எழுதி வந்தேன். அதில் 17. இந்த 14-ஐயும் 17-ஐயும் வைத்துக் குருட்டு எண்கள் சிறந்தவை என்று சொல்ல முடியாது, இந்த அளவில் நாலைந்து கூடுவதும் குறைவதும் சாதாரணம்.

"சமீபத்தில் தொகை குறைவாகவே வந்திருக்கிறது, இனி உயரும்" என்று எச்சரிக்கும் வசதியும் இருந்தது. பந்துகளுக்கு ஞாபக சக்தி கிடையாது. அதை முதல் வருடமே அணைத்துவிட்டேன்.

எண் தேர்வு உண்மையில் பொருட்படும் இடம் ஒன்று உண்டு: பரிசை எத்தனை பேரோடு பங்கு போடுகிறோம் என்பது. பிறந்த தேதிகளை வைத்து எழுதுபவர்கள் 31-க்கு மேல் போவதில்லை. அப்படிப்பட்ட ஆறு எண்களின் சராசரித் தொகை 96. ஆகவே 115-க்குக் கீழே வெட்டும் ஃபில்டர், தெரியாமலேயே அந்தக் கூட்டத்திலிருந்து கொஞ்சம் விலக்கி வைக்கிறது. இதைப் பார்த்து ஒரு வாரம் சந்தோஷப்பட்டேன். அப்புறம் 7, 14, 21, 28, 35, 42 என்று போட்டுப் பார்த்தேன். ஏழாம் வாய்ப்பாடு, யாருக்கும் தோன்றும் வரிசை. தொகை 147, மென்பொருள் பளிச்சென்று பச்சை காட்டியது.

1995 ஜனவரி 14 அன்று பிரிட்டன் தேசிய லாட்டரியில், அப்போது அதுவும் 49-இல் 6 தான், வந்த எண்கள் 7, 17, 23, 32, 38, 42. கூட்டினால் 159. எந்தத் தொகை ஃபில்டரும் இதை ஒதுக்காது. அந்த வாரம் முதல் பரிசை 133 பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். சுமார் 1.6 கோடி பவுண்டு ஆளுக்கு 1,22,510 பவுண்டாகக் கரைந்தது.

சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்டல் வந்த அன்று, கடைசியாக ஒருமுறை 44 முதல் 49 வரை போட்டுப் பார்த்தேன். சிவப்பு விளக்கு, "வாய்ப்பு மிகக் குறைவு" என்ற எச்சரிக்கை. மேலே நான் சேமித்து வைத்திருந்த பச்சைச் சீட்டுகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் 1,39,83,816-இல் ஒன்று. நினைவூட்டலை அழித்துவிட்டேன்.