சாப்பாட்டுக்கு முன் பார்த்துக் கூட்டிப் போடும் இன்சுலின்: வன்னியில் நீண்டகாலப் பாவனையில் தெரிந்தவை

சாப்பாட்டுக்கு முன் வரும் சுகருக்கு ஏற்ப எத்தனை யூனிற் இன்சுலின் என்று டொக்டர் எழுதித் தரும் ஸ்லைடிங் ஸ்கேல் பட்டியலைக் கையில் வாங்கிய எவருக்கும் முதலில் பிடிபடாத விசயம் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் இருப்பது சாப்பாட்டுக்கான இன்சுலின் அல்ல. சாப்பாட்டுக்கு வழமையாகப் போடும் அளவு தனி. அந்த நேரத்தில் சுகர் ஏற்கெனவே ஏறி நின்றால், அதை இறக்குவதற்காக மேலே கூட்டுகிற யூனிற்றுகள்தான் பட்டியலில் இருப்பவை. இதைத் திருத்த டோஸ் என்கிறோம். சுகர் 130 என்று வந்தால் பட்டியல் பூச்சியம் காட்டும். "இன்டைக்கு ஊசி தேவையில்லையாம்" என்று சாப்பாட்டு டோஸையும் விட்டுவிட்டுச் சோறு சாப்பிடுகிறவர்களை கிளினிக் வாசலில் அடிக்கடி காணலாம். அடுத்த வேளை 280 வருவது அதனால்தான்.

பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அதைப் பிழையாகப் பாவிப்பது குறையும். ஒரு நாளைக்கு ஒருவர் போடும் மொத்த இன்சுலினால் 1800 ஐப் பிரித்தால், வேகமான இன்சுலின் 1 யூனிற் அவருக்கு ஏறத்தாழ எவ்வளவு சுகரை இறக்கும் என்பது வரும். உதாரணத்துக்கு, இரவில் நீண்டநேர இன்சுலின் 18 யூனிற், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் வேகமான இன்சுலின் 6 யூனிற் வீதம் போடும் ஒருவரை எடுப்போம். மொத்தம் 36. 1800 ஐ 36 ஆல் பிரித்தால் 50. அதாவது 1 யூனிற் 50 மில்லிகிராம் இறக்கும். டொக்டர் அவருக்கு 120 ஐ இலக்காக வைத்தால் பட்டியல் இப்படி அமையும்:

70 க்குக் கீழ்: ஊசி இல்லை, முதலில் சீனி
70 – 150: கூட்டத் தேவையில்லை
151 – 200: 1 யூனிற் கூட்டு
201 – 250: 2 யூனிற்
251 – 300: 3 யூனிற்
300 க்கு மேல்: 4 யூனிற்

இது அந்த ஒருவரின் கணக்கு மட்டுமே. ஒரு நாளைக்கு 72 யூனிற் போடுகிறவருக்கு 1 யூனிற் 25 தான் இறக்கும். 18 யூனிற் மட்டும் போடும் மெலிந்த பிள்ளைக்கு 100 இறக்கும். பக்கத்து வீட்டு அக்காவின் கொப்பியைப் பார்த்து எழுதிய 3 யூனிற், அந்தப் பிள்ளையை 300 மில்லிகிராம் கீழே தள்ளக்கூடியது. பட்டியலை எழுதுவதும் மாற்றுவதும் டொக்டரின் வேலையாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். சிறுநீரகம் பழுதானால் இன்சுலின் உடம்பை விட்டுப் போக நேரமெடுக்கும். போன வருடம் சரியாக இருந்த பட்டியல் இந்த வருடம் கூடிப்போய்விடும். சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறினால், "என்ர பட்டியலை மாத்த வேணுமோ" என்று நாங்களாகவே கேட்க வேண்டும்.

அதைவிட முக்கியம், மருந்துப் போத்தலில் உள்ள பெயர். மேலே சொன்ன கணக்கு அஸ்பார்ட், லிஸ்ப்ரோ போன்ற வேகமான இன்சுலினுக்கு உரியது. அது 10 முதல் 20 நிமிடத்தில் வேலையைத் தொடங்கி, 1 முதல் 3 மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்குப் போய், 4 அல்லது 5 மணித்தியாலத்தில் முடியும். சொலுபிள் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பே போட வேண்டும். அது 6 முதல் 8 மணித்தியாலம் வரை உடம்பில் நிற்கும். பார்மசியில் ஒன்று இல்லையென்று மற்றதை வாங்கினால் நேரமும் பட்டியலும் மாறும். வெள்ளையாகக் கலங்கிய 30/70 கலவை மருந்தைத் திருத்த டோஸாகப் போடவே கூடாது. அதில் 70 பங்கு மெதுவாக, அரை நாளுக்கும் மேலாக வேலை செய்வது. மத்தியானம் கூட்டியது நடுச்சாமத்தில் வந்து இழுக்கும். தெளிந்த மருந்தெல்லாம் வேகமான மருந்து என்று நினைப்பதும் ஆபத்து. நீண்டநேர இன்சுலினான கிளார்ஜினும் தண்ணீர்போலத் தெளிவாகத்தான் இருக்கும். இரண்டு போத்தலும் வீட்டில் இருந்தால், ஒன்றில் இறப்பர் வளையம் ஒன்றைப் போட்டு வைத்தால் இருட்டிலும் கைக்குத் தெரியும்.

இனி அதிகம் பேர் விழுகிற குழி. மேலே சொன்னவரே மத்தியானம் 1 மணிக்குப் பார்க்கிறார்: 290. சாப்பாட்டுக்கு 6, திருத்தத்துக்கு 3, மொத்தம் 9 யூனிற் போட்டுச் சாப்பிடுகிறார். மனம் கேட்காமல் 3 மணிக்குத் திரும்பப் பார்த்தால் 270. "மருந்து வேலை செய்யேல்லை" என்று தோன்றும். பட்டியலைப் பார்த்து இன்னொரு 3 போடுகிறார். உண்மையில் அப்போது சோற்றின் சுகர் ஏறிக்கொண்டிருக்கிறது. 1 மணிக்குப் போட்டதில் பாதியளவு இன்னும் உடம்பில் மிச்சம். அதைத் தனியே விட்டிருந்தால், முதல் 3 யூனிற் 150 ஐ இறக்கி, மாலை 6 மணியளவில் 140 இல் கொண்டுவந்து விட்டிருக்கும். இரண்டாவது 3 அதிலிருந்து மேலும் 150 ஐ இறக்கப் பார்க்கும். 140 இலிருந்து 150 ஐக் கழித்தால் கணக்கே பூச்சியத்துக்குக் கீழே போகிறது. மாடு சாய்க்கப் போன இடத்தில், வயல் வரம்பில், நடுக்கமும் வியர்வையும் வந்து ஆள் தடுமாறுவது இந்த நேரத்தில்தான்.

ஆகையால் ஒரு திருத்த டோஸ் வேலை செய்ததா என்பதை அடுத்த சாப்பாட்டுக்கு முன் வரும் எண்ணை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டு திருத்தங்களுக்கிடையில் குறைந்தது 4 மணித்தியாலம் போக வேண்டும்; சொலுபிள் என்றால் 6. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் பார்க்கிற எண், சாப்பாட்டு டோஸ் போதுமா என்று அறிவதற்குப் பயன்படும். அதற்கு இந்தப் பட்டியலைப் பொருத்தக் கூடாது. படுக்கப் போகும்போதும் அப்படித்தான். இரவு 8 மணிக்கு ஊசி போட்டுவிட்டு 10 மணிக்கு 230 வந்தால், டொக்டர் தனியாகப் படுக்கை நேர அளவு எழுதித் தராதவரை ஒன்றும் போடாமல் படுப்பதே சரி. நித்திரையில் சுகர் இறங்கினால் கண்டுபிடிக்க ஆளில்லை.

எண் பிழையாக வந்தால் அதை நம்பிப் போடும் ஊசியும் பிழைதான். பாலைப்பழக் காலத்தில் இது வன்னியில் அதிகம். பழத்தின் பாலும் இனிப்பும் விரலில் ஒட்டியிருக்க, அந்த விரலிலேயே குத்தினால் 110 இருக்க வேண்டியவருக்கு 300 காட்டலாம். 3 அல்லது 4 யூனிற் தேவையில்லாமல் உள்ளே போகும். மாம்பழம் உரித்த கையும், தேத்தண்ணிக்குச் சீனி போட்ட கையும் அதே. ஸ்பிரிற் பஞ்சால் துடைத்தால் அந்த இனிப்பு முழுதாகப் போகாது. சவர்க்காரமும் தண்ணீரும் வேண்டும். கழுவிய பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். ஈர விரலில் இரத்தம் தண்ணீரோடு கலந்து எண்ணைக் குறைத்துக் காட்டும். வயலில் தண்ணீர் இல்லையென்றால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியில் பார்க்கலாம். உடம்பு ஒன்றும் சொல்லாமல் திடீரென்று 300 வந்தால், ஊசியை எடுக்க முன் கையைக் கழுவி இன்னொரு ஸ்ட்ரிப் செலவழிப்பது நட்டமில்லை.

1 யூனிற்றை அளக்கிற சிரமத்தையும் சொல்ல வேண்டும். 1 மில்லிலீற்றர் இன்சுலின் சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு கோடு 2 யூனிற். 7 யூனிற்றை அதில் கண்மட்டத்துக்கு எடுத்தால் 6 ஆகவோ 8 ஆகவோ போய்விடும். அரை மில்லிலீற்றர் சிரிஞ்சில் ஒரு கோடு 1 யூனிற். பட்டியல் பாவிக்கிறவர் இதைக் கேட்டு வாங்க வேண்டும். பேனா என்றால் ஒவ்வொரு முறையும் 2 யூனிற்றை வெளியே விட்டுப் பார்த்து, குத்திய பின் 10 வரை எண்ணி இழுக்க வேண்டும்.

பட்டியல்படி போட்டும் அடுத்த வேளை இறங்கவில்லை, இரண்டு மூன்று நாளாக இப்படித்தான் என்றால், யூனிற்றைக் கூட்ட முன் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். திறந்த போத்தல் 30 பாகைக்குக் கீழே, சுமார் 4 கிழமைக்குத்தான் நல்லது. சித்திரை வைகாசியில் தகரக் கொட்டிலுக்குள் அந்தச் சூட்டை மத்தியானத்துக்கு முன்பே தாண்டிவிடும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு சட்டி வைத்து, அதற்குள் போத்தலைப் பொலித்தீன் பையில் சுற்றி, மேலே ஈரத் துணி மூடி நிழலில் வைத்தால் நன்றாகத் தாங்கும். மணல் காயவிடக் கூடாது. மற்றச் சந்தேகம் ஊசி போடும் இடம். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்துப்போன சதையில் மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது. விரலால் தடவினால் கட்டி தெரியும். அங்கிருந்து நல்ல சதைக்கு மாறும்போது பழைய அளவே திடீரென்று கூடுதலாக வேலை செய்யும் என்பதால், மாறும் நாட்களில் அடிக்கடி பார்க்க வேண்டும்.

கடும் வேலை செய்யும் நாள் வேறு கணக்கு. அருவி வெட்டோ, நாற்று நடவோ, விறகு பிளப்போ, உடம்பு சுகரைத் தானே எரிக்கும். காலையில் 215 வந்து, உடனே வயலுக்கு இறங்கப் போகிறவர் அந்த 2 யூனிற்றைப் பாதியாக்குவதா, முழுதாக விடுவதா என்பதை முன்கூட்டியே டொக்டரிடம் எழுதி வாங்கி வைக்க வேண்டும். அன்று இரவும் சுகர் தாழ இடமுண்டு. சோறு கையில் வர முன் ஊசி போடுவதும் வயலில் கூடாது. சாப்பாடு வரப் பிந்தினால் மருந்து பிந்தாது. 70 க்குக் கீழே வந்தால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு முறை. மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990 அம்புலன்ஸுக்குப் போன் அடிக்க வேண்டும். ஒட்டுசுட்டானுக்கும் துணுக்காய்க்கும் உட்புறம் இருக்கிறவர்கள் பாதை சொல்லத் தெரிந்த ஒருவரைப் போனில் விடுவது நல்லது.

மறுபக்கம், 300 க்கு மேல் இரண்டு வேளை தொடர்ந்து நின்று, வாந்தியோ வயிற்று வலியோ மூச்சு வாங்குதலோ இருந்தால் பட்டியலோடு வீட்டில் இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதலாம் வகை நீரிழிவு உள்ளவர் சாப்பிட முடியாத நாளிலும் நீண்டநேர இன்சுலினை நிறுத்தக் கூடாது.

கிளினிக் கொப்பியில் நான்கு நிரல் போதும்: நேரம், சுகர், சாப்பாட்டு டோஸ், திருத்த டோஸ். கடைசி இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதினால் டொக்டருக்கு ஒன்றும் விளங்காது. பிரித்து எழுதினால் விசயம் தானாகத் தெரியும். ஒவ்வொரு காலையும் 2 யூனிற் திருத்தம் தேவைப்படுகிறது என்றால் இரவு போடும் நீண்டநேர இன்சுலின் போதவில்லை, அல்லது படுக்க முன் எதையோ சாப்பிடுகிறார். ஒவ்வொரு இரவும் தேவைப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டு டோஸ் குறைவு. அந்த அளவை டொக்டர் 1 அல்லது 2 யூனிற் மாற்றினால், திருத்த நிரலில் பூச்சியங்கள் கூடத் தொடங்கும்.