காலை 6 முதல் 8 வரை மட்டும் தண்ணீர் வரும் வீட்டில் எந்த வாஷிங் மெஷின்?

மெல்போர்னிலிருந்து மூன்று வார விடுமுறையில் சென்னை மடிப்பாக்கம் வந்து இறங்கிய மறுநாள் காலை, சர்வீஸ் ஏரியாவில் அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பக்கெட்டில் துணி அலசிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே, இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் அங்கிருந்தே ஆர்டர் போட்டு அனுப்பிய ஃப்ரண்ட் லோட் மெஷின், மேலே ஒரு துண்டு விரித்து, அதன் மேல் கிளிப் டப்பாவும் வாளிகளும் வைத்து நின்றது. "அது அடிக்கடி நின்னுடுதுடி, சொன்னா நீ அங்க உக்காந்து கவலப்படுவ" என்றார். எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. அதனால்தான் விடுமுறையில் பாதியை இதற்கே செலவழித்தேன், ஊரில் பெற்றோருக்கு மெஷின் வாங்கிக் கொடுக்கப் போகிற யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் வீட்டு நிலைமை. தரைத் தளத்துக்கு மேல் மூன்று மாடி உள்ள பழைய ஃபிளாட், அம்மா அப்பா மூன்றாவது மாடி. சம்ப்பில் லாரித் தண்ணீர் இறங்கும், மோட்டார் போட்டு மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றுவார்கள், வெயில் காலத்தில் சங்கத்துக்காரர்கள் காலை 6 முதல் 8 வரையும் சாயங்காலம் 5 முதல் 7 வரையும்தான் வால்வைத் திறந்து விடுவார்கள். மற்ற நேரத்துக்கு அவரவர் டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது ஆரம்பித்த பழக்கம், அப்புறம் மழை நன்றாகப் பெய்த வருஷங்களிலும் முழுதாகப் போகவில்லை.

மெஷின் ஏன் நிற்கிறது என்று கேட்டால், வாங்கி ஆறு மாதத்தில் வந்த சர்வீஸ்காரர் பார்த்துவிட்டு போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகை சொல்லியிருக்கிறார். அப்பா வேண்டாம் என்று அனுப்பிவிட்டு வந்துபோன கூலியை மட்டும் கொடுத்திருக்கிறார். நான் வந்த பிறகு திரையில் வருகிற பிழை எழுத்தை மேனுவலில் தேடினால், உள்ளே தண்ணீர் போதுமான அளவு வரவில்லை என்பதற்கான குறி அது. குழாயை மூடி, மெஷின் பின்னால் இருக்கிற இன்லெட் ஹோஸைக் கழற்றிப் பார்த்தேன். ஹோஸ் மாட்டுகிற இடத்துக்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வலை இருக்கும், அதைக் கட்டிங் பிளேயரால் மெதுவாக இழுத்தால் வெளியே வந்துவிடும். அந்த வலை முழுக்கச் செம்மண்ணும் மணலும் அப்பியிருந்தது. லாரித் தண்ணீர் புறநகர்க் கிணறுகளிலிருந்து வருகிறது, சம்ப்பின் அடியில் தங்கிய மண் மோட்டார் போடும்போது கலங்கி மேலே ஏறுகிறது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினேன். போர்டில் ஒன்றுமே இல்லை. அந்த வலையை ஒருமுறை கழற்றிப் பார்க்காமல் போர்டு மாற்றச் சொன்னதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆனால் வலை சுத்தமானதும் பிரச்சினை பாதிதான் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குத் தொட்டி நிறைந்திருந்தபோது நன்றாக ஓடியது. திங்கட்கிழமை ஏழரைக்குப் போட்டால் திரும்பவும் அதே பிழை. இரண்டு நாளுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்து, அப்பாவின் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

மேனுவலில் குறைந்தபட்சத் தண்ணீர் அழுத்தம் 0.3 பார் என்று போட்டிருந்தது. தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஏறக்குறைய 1 பார், அப்படியென்றால் 0.3 பாருக்கு 3 மீட்டர் வேண்டும். எங்கள் தொட்டி தளத்திலிருந்து ஒரு அடி உயரச் செங்கல் மேடையில்தான் உட்கார்ந்திருக்கிறது. தொட்டியின் அடியிலிருந்து மெஷினின் வால்வு வரை அளந்தால் கிட்டத்தட்ட 8¾ அடி, அதாவது 2.7 மீட்டர். தொட்டி நிறைய இருந்தால் இன்னும் 4 அடி தண்ணீர் மேலே நிற்கும், அப்போது 3.9 மீட்டர், மெஷினுக்குப் போதும். தொட்டி காலியாகிக்கொண்டே வர 0.3 பாருக்குக் கீழே போய்விடும், போதாதற்கு அதே குழாயில் கீழ் வீட்டுக்காரர்களும் காலைக் குளியலுக்குக் குழாயைத் திறந்திருப்பார்கள். மேல் மாடியில் இருப்பவர்கள் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம், தண்ணீர் நன்றாக வரும் என்று நினைக்கிறார்கள், உண்மை நேர்மாறு. தரைத் தளத்து வீட்டுக்குத்தான் வேகம் அதிகம்.

குழாயைத் திறந்தால் தண்ணீர் விழுகிறதே, மெஷினுக்கு மட்டும் ஏன் போதவில்லை என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. மெஷினுக்குள் இருக்கிற வால்வு மின்சாரத்தால் மட்டும் திறப்பதில்லை, ஒரு ரப்பர் தகட்டைத் தண்ணீரின் அழுத்தமே தூக்கிவிட வேண்டும். அழுத்தம் குறைந்தால் தகடு அரைகுறையாகத்தான் தூக்கும், நூல் மாதிரி ஒழுகும். குறிப்பிட்ட நிமிஷங்களுக்குள் தேவையான மட்டம் வரவில்லை என்றால் மெஷின் பிழை காட்டி நின்றுவிடும்.

இன்னொன்று நேரம். இதன் காட்டன் புரோகிராம் 2 மணி 10 நிமிஷம் ஓடுகிறது, சங்கத்துக்காரர்கள் வால்வைத் திறந்து வைப்பதோ 2 மணி நேரம். கொஞ்சம் தாமதமாகப் போட்டாலே கடைசி அலசலுக்குத் தண்ணீர் கேட்கும்போது குழாய் காய்ந்திருக்கும், கதவு பூட்டியபடி, சோப்புத் தண்ணீர் ஊறிய துணி உள்ளே. அப்பா 74 வயதில் கீழே குனிந்து ஃபில்டர் மூடியைத் திறந்து தரையில் தண்ணீரை விட்டு, அப்புறம் கதவைத் திறந்திருக்கிறார், பல தடவை.

மேலே இருக்கிற சோப்பு டிராயர் வழியாக மக்கால் ஊற்றிப் பார்த்தேன். ஏறுகிறது, மெஷினும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஃப்ரண்ட் லோட் ஒரே தடவையில் நிரப்பிக்கொள்வதில்லை, துணி உறிஞ்ச உறிஞ்ச இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்கும். பக்கத்திலேயே நின்றால்தான் முடியும், அம்மாவுக்கு அது ஆகாது.

சரி என்று வேளச்சேரியில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனையாளர் தம்பி உடனே, "மேடம், தண்ணி கஷ்டம்னா ஃப்ரண்ட் லோட்தான், பாதித் தண்ணிதான் இழுக்கும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் பழைய மெஷினின் அவுட்லெட் ஹோஸைப் பக்கெட்டில் விட்டு அளந்திருந்தேன், ஒரு லோடுக்கு 60 லிட்டருக்குள்தான் வந்தது. ஆனால் அவர் தண்ணீர் எவ்வளவு என்று மட்டும்தான் பார்க்கிறார், எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் குறைவு இல்லை, டிரம்மில் எப்போதும் 200 லிட்டர் நிற்கிறது. அது மெஷினுக்குள் போக வழியில்லை என்பதுதான் விஷயம்.

ஒரு வழி இருந்தது. டிரம்மிலிருந்து மெஷினுக்கு ஒரு சின்ன பிரஷர் பம்ப், மெஷின் தண்ணீர் கேட்டால் தானாக ஓடி, வால்வு மூடினால் தானாக நிற்கும் வகை. தண்ணீர் மிச்சமாகும், இருக்கிற மெஷினே போதும். வயது குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால் நான் இதைத்தான் செய்வேன். ஆனால் பம்ப் காற்று வாங்கினால், டிரம் காலியானது தெரியாமல் ஓடினால், ஒரு வாஷர் போனால், யாரைக் கூப்பிடுவது என்று அம்மா அப்பா அலைவார்கள், நான் மெல்போர்னில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்? எதிர் வீட்டு ஆன்ட்டி செமி ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறார், தண்ணீர் விஷயத்தில் அதைப் போல் எதுவும் வளைந்து கொடுக்காது, சோப்புத் தண்ணீரையே அடுத்த துணிக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஈரத் துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போட வேண்டும், அம்மாவின் தோள் வலிக்கு அது சரிப்படாது.

கடைசியில் 7 கிலோ டாப் லோட் ஃபுல்லி ஆட்டோமேட்டிக் எடுத்தோம், குறைந்த அழுத்தத்திலும் நிரம்பும் வால்வு உள்ள மாடல். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் கேவலமான விலை கேட்டார்கள், என் தம்பி வீட்டில் தனியாக பிரஷர் பம்ப் இருக்கிறது, அங்கே அனுப்பிவிட்டோம், அங்கே ஒரு தடவைகூட நிற்கவில்லை.

டெலிவரி சொன்ன நாளுக்கு மறுநாள் வந்தது, லிஃப்ட் இல்லாததால் மாடி ஏற்றத் தனியாகப் பணம் கேட்டார்கள், கொடுத்தோம். ஆனால் பொருத்த வந்த பையனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், "அம்மா, தண்ணி எத்தன மணிக்கு வரும், லாரித் தண்ணியா போர் தண்ணியா?" என்று கேட்டார். அப்புறம் குழாய்க்கும் ஹோஸுக்கும் நடுவில் தனியாக ஒரு ஃபில்டர் மாட்டச் சொன்னார், மெஷினுக்குள் இருக்கிற வலைக்கு மண் போகாது, கழற்றிக் கழுவவும் எளிது. அப்புறம் வேண்டுமென்றே குழாயை மூடிவிட்டு அம்மாவைக் குடத்தால் ஊற்றச் சொன்னார். மூன்று குடம் போனதும் மூடியைச் சாத்தினார், மெஷின் சுற்ற ஆரம்பித்தது. தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று மெஷின் பார்ப்பதில்லை அம்மா, மட்டம் வந்தால் போதும் என்று விளக்கினார். அம்மா முகத்தில் அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

இதையும் அளந்தேன். துவைக்க 45, இரண்டு அலசலுக்கு நாற்பது நாற்பது, ஆக 125 லிட்டர். பழையதைவிட இரட்டிப்பு, வாரத்துக்கு நாலு லோடு போட்டால் 260 லிட்டர் கூடுதல். இது எனக்கு உறுத்தத்தான் செய்தது. அதனால் அவுட்லெட் ஹோஸைச் சாக்கடைக் குழாயில் நிரந்தரமாகச் சொருகாமல் விட்டிருக்கிறோம், இரண்டாவது அலசல் தண்ணீர் மட்டும் பெரிய டப்பில் போகிறது, வீடு துடைக்கவும் டாய்லெட்டில் ஊற்றவும் அதுதான். இந்த டாப் லோடில் பம்ப் கீழேதான் இருக்கிறது, ஹோஸை ரொம்பத் தாழ்த்திப் போட்டால் நிரம்பும்போதே தண்ணீர் வெளியே ஓடிவிடுகிற மாடல்களும் உண்டு, அதனால் மெஷினுக்குள் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு மேலே ஒரு கொக்கியில் மாட்டியிருக்கிறோம்.

நான் கிளம்புவதற்கு முன் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை 'ஃபில்டர்' என்று எழுதி வைத்தேன். போன வாரம் அம்மா போனில், ஏழே முக்காலுக்கே வால்வை மூடிவிட்டார்கள், பெட்ஷீட் அலசலில் நின்றுவிட்டது என்றார். எனக்குப் பக்கென்றது. "அதுக்கென்ன, டிரம்ல இருந்து மூணு குடம் ஊத்தினேன், காஞ்சே போச்சு" என்றார்.