பக்கவாட்டுச் சேனலா, அடிச் சேனலா: ஒரு 600 மி.மீ. டிராயருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

டிராயர் சேனல் வாங்கும்போது பலரும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் கிலோவை மட்டும் பார்க்கிறார்கள். 35 கிலோ, 45 கிலோ என்று எழுதியிருந்தால் அவ்வளவு பாத்திரம் வைக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த எண் ஒரு ஜோடிக்கு உரியது. டிராயர் பெட்டி, முகப்புப் பலகை, கைப்பிடி எல்லாம் அதற்குள் அடக்கம். இதை விட்டுவிட்டு எந்தச் சேனல் நல்லது என்று பேசுவதில் பயனில்லை. அதனால் ஒரே டிராயரை எடுத்துக்கொண்டு இரண்டு வகையையும் அதில் பொருத்திப் பார்க்கலாம்.

கேபினெட்டின் வெளி அகலம் 600 மி.மீ., பக்கங்கள் 18 மி.மீ. ப்ளைவுட். ஆக உள் அகலம் 564. உள் ஆழம் 545. முகப்புப் பலகை கேபினெட்டின் விளிம்பை மூடி வெளியே நிற்கும் வகை. டிராயர் பெட்டி 16 மி.மீ. ப்ளைவுட்டில், 160 மி.மீ. உயரத்தில். உள்ளே தட்டு, கிண்ணம், இரண்டு கனமான பாத்திரம்.

முதலில் எடை. 9 மி.மீ. அடிப்பலகையோடு பெட்டி ஏறக்குறைய 5 கிலோ வரும். முகப்புப் பலகையும் கைப்பிடியும் சேர்த்தால் 7 கிலோ. 700 கிராம் தட்டு 24 வைத்தால் 16.8 கிலோ. 350 கிராம் கிண்ணம் 12 வைத்தால் 4.2 கிலோ. பாத்திரம் இரண்டும் 6 கிலோ. எல்லாம் சேர்த்து 34 கிலோ.

பக்கவாட்டில் பொருத்தும் 45 மி.மீ. உயரப் பால் பேரிங் சேனலில் பரவலாகக் கிடைப்பது 35 கிலோ, 45 கிலோ ரகங்கள். அடியில் பொருத்தும் சாஃப்ட் குளோஸ் சேனலில் 30 கிலோ ரகமும் 50 கிலோ ரகமும் சாதாரணமாக உண்டு. நம்முடைய 34 கிலோவுக்கு 30 கிலோ அடிச் சேனல் போதாது. 35 கிலோ பக்கவாட்டுச் சேனல் காகிதத்தில் மட்டும் போதும், நாளைக்கு இன்னும் இரண்டு தட்டு வைத்தால் தாண்டிவிடும். ஆகப் போட்டி 45 கிலோ பக்கவாட்டுச் சேனலுக்கும் 50 கிலோ அடிச் சேனலுக்கும்தான். மென்மையாக மூடுகிறது என்பதற்காக 30 கிலோ ரகத்தைப் பாத்திர டிராயரில் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

நீளம் கூடினால் அதே எடை ஏன் அதிகமாக அழுத்துகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். முழுவதும் வெளியே வரும் சேனலில் 500 மி.மீ. டிராயரைத் திறந்து வைத்தால், எடையின் நடுமையம் கேபினெட் விளிம்புக்கு ஏறக்குறைய 250 மி.மீ. முன்னால் தொங்கும். 600 மி.மீ. சேனலில் அது 300. அதே 34 கிலோ, நெம்புகோல் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு நீண்டுவிட்டது. போதாததற்கு, நீளமான டிராயரில் பொருளும் அதிகமாகவே போய்ச் சேரும். அச்சிட்ட எடை பெரும்பாலும் 450 மி.மீ. அளவை ஒட்டிச் சோதித்த எண். 550, 600 வாங்குவதாக இருந்தால் அந்த நீளத்துக்கு எதிரே தயாரிப்பாளரின் அட்டவணை என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டுச் சேனலைப் படுக்கைவசமாகத் திருப்பி அலமாரித் தட்டுக்கு அடியில் பொருத்துகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் தாங்கும் எடை சுமார் கால் பங்காகக் குறைந்துவிடும். அந்தத் தகடு நிற்கும்போது தாங்கும், படுத்தால் வளையும்.

நம் கேபினெட்டில் 545 உள் ஆழத்துக்கு 500 மி.மீ. சேனல் சரியாக உட்காரும், 550 போகாது. முகப்புப் பலகை கேபினெட்டுக்கு உள்ளே அடங்கும் வகையாக இருந்தால் அதன் 18 மி.மீ. கனத்தையும் கழிக்க வேண்டும். அப்போது மீதம் 527, அப்போதும் 500 போகும். இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். 20 அங்குலம் என்பது 508 மி.மீ. கடையில் இரண்டையும் ஒரே பொருளாகப் பேசுவார்கள். பக்கவாட்டுச் சேனலில் அந்த 8 மி.மீ. பெரும்பாலும் பாதிக்காது, அடிச் சேனலில் பெட்டியே பொருந்தாமல் போகும்.

இரண்டு வகைக்கும் உண்மையான வேறுபாடு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பக்கவாட்டுச் சேனல் நீளத்தில் விட்டுக்கொடுக்கும், அகலத்தில் விட்டுக்கொடுக்காது. அடிச் சேனல் அகலத்தில் ஓரளவு சரிசெய்துகொள்ள இடம் தரும், ஆனால் நீளம், பலகைக் கனம், மூலைமட்டம் மூன்றிலும் கறார்.

பக்கவாட்டுச் சேனலுக்கு ஒவ்வொரு பக்கமும் 12.7 மி.மீ. இடைவெளி வேண்டும். 564-இல் 25.4 போனால் 538.6. பெட்டியின் வெளி அகலத்தை 538 என்று வெட்டுவது நல்லது, பக்கத்துக்கு 13 மி.மீ. கிடைக்கும். இதைவிட ஒரு மில்லிமீட்டர் தாராளமானால் சமாளிக்கலாம், ஒரு மில்லிமீட்டர் இறுகினால் முடியாது. இறுகிய டிராயர் பாதி தூரம் லேசாக வந்து ஒரே இடத்தில் பிடிக்கும். பக்கவாட்டுச் சேனலிலும் சாஃப்ட் குளோஸ் ரகம் இருக்கிறது. இடைவெளி இறுகினால் முதலில் செயலிழப்பது அதுதான். உரசலை மீறி இழுக்க ஸ்பிரிங்குக்கு வலு போதாமல் டிராயர் கடைசியில் ஒரு விரல்கடை திறந்தே நிற்கும். பலர் சேனலைக் குறை சொல்லி மாற்றுகிறார்கள். மாற்றுவதற்கு முன் கேபினெட்டின் உள் அகலத்தை முன்னால், நடுவில், பின்னால் என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். நடுவில் பலகை உள்பக்கம் வளைந்திருப்பது தெரிந்துவிடும். அளவெடுத்த பிறகு உள்பக்கம் 1 மி.மீ. லேமினேட் ஒட்டினாலும் இதே கதைதான்: இரண்டு பக்கமும் சேர்த்து 564 என்பது 562 ஆகிவிட்டிருக்கும். இடைவெளி தாராளமாகிவிட்டால் மருந்து எளிது. சேனலுக்குப் பின்னால் லேமினேட் துண்டு ஒன்றை வைத்து முடுக்கிவிடலாம். அதையும் செய்யாமல் விட்டால் சேனலின் பாகங்கள் விரிந்து, மணிகள் தடத்தைவிட்டு நழுவத் தொடங்கும்.

அடிச் சேனலில் கணக்கு தலைகீழ். வெளி அகலத்தை மறந்துவிட்டுப் பெட்டியின் உள் அகலத்தைப் பிடிக்க வேண்டும். 16 மி.மீ. வரையிலான பக்கப் பலகைக்குப் பரவலான கணக்கு, கேபினெட் உள் அகலத்தில் 42 மி.மீ. கழிப்பது. 564-இல் 42 போனால் 522. வெளி அகலம் 554, பக்கத்துக்கு 5 மி.மீ. இடைவெளி. பலகை 12 மி.மீ. ஆனாலும் உள் அகலம் 522 தான், வெளி அகலம் 546 ஆகும். 18 மி.மீ. பலகையில் பெட்டி செய்தால் இந்த ரகம் பொருந்தாது. அதற்கென்றே தனி ரகம் இருக்கிறது, அதன் கழிப்பும் வேறு. பக்கவாட்டுச் சேனலுக்கு என்று 538-இல் செய்த பழைய பெட்டியை அடிச் சேனலில் வைக்க முயன்றால் அதன் உள் அகலம் 506 தான் இருக்கும். சேனல் இரண்டும் பக்கப் பலகைகளுக்கு நடுவே போகாது, பெட்டி அவற்றின் மேல் ஏறி நிற்கும். ஆக, பழைய டிராயருக்கு அடிச் சேனல் என்றால் புதுப் பெட்டி என்றே கணக்கு வையுங்கள்.

நீளமும் அப்படித்தான். 500 மி.மீ. அடிச் சேனலுக்குப் பெட்டி வழக்கமாக 490 மி.மீ. இருக்க வேண்டும். முன்னால் இரண்டு பூட்டுகள் அடிப்பலகைக்குக் கீழே கவ்வும், பின்னால் கொக்கி பின்பலகையில் போட்ட 6 மி.மீ. துளைக்குள் நுழையும். பெட்டி 2 மி.மீ. நீண்டுவிட்டால் பூட்டு கிளிக் என்று விழாது. குறைந்துவிட்டால் கொக்கி சரியாகப் பிடிக்காமல், நிறைத்த டிராயரைத் திறக்கும்போது பின்பக்கம் எழும்பும். அடிப்பலகையைப் பக்கப் பலகையின் கீழ் விளிம்பிலிருந்து சுமார் 13 மி.மீ. மேலே ஏற்றிப் பொருத்த வேண்டும், சேனல் அந்தப் பள்ளத்துக்குள்தான் ஒளிந்துகொள்கிறது. பெட்டியின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 1 மி.மீ.க்கு மேல் போனால் ஒரு பக்கம் முன்னதாக மூடும், மறுபக்கம் பின்தொடரும். இந்த அளவுகள் பரவலானவைதான் என்றாலும், பலகையை வெட்டும் முன் வாங்கிய சேனலின் தாளோடு ஒத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

இவ்வளவு கறாருக்குக் கைமாறாக அடிச் சேனல் தருவது என்ன? திறந்தால் பக்கத்தில் இரும்பு தெரியாது. சிந்தும் மாவும் தூளும் கிரீஸில் ஒட்டாது, ஏனென்றால் சேனல் பெட்டிக்கு அடியில் மறைந்திருக்கிறது. பொருத்திய பிறகு முகப்பை மேலே கீழே ஓரிரண்டு மில்லிமீட்டர் நகர்த்தத் திருகு இருக்கிறது. வரிசையாக நாலு டிராயர் இருக்கும் இடத்தில் இது பெரிய நிம்மதி. பக்கவாட்டுச் சேனலில் அந்த வேலையை நீள்துளையில் ஸ்க்ரூவைத் தளர்த்தித்தான் செய்ய வேண்டும். அதனால்தான் முதலில் நீள்துளையில் முடுக்கி, டிராயரை ஓட்டிப் பார்த்து, பிறகு வட்டத் துளைகளில் முடுக்குவார்கள்.

அடிச் சேனலில் இடம் அதிகம் கிடைக்கும் என்ற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நம் டிராயரில் அதன் உள்ளளவு 522-க்கு 458. பக்கவாட்டுச் சேனலில் பெட்டியை 500 நீளத்தில் செய்தால் 506-க்கு 468. பரப்பில் வித்தியாசம் ஒரு சதவீதம்தான், அடியில் போன 13 மி.மீ. உயரம் தனி. அதோடு, பக்கவாட்டுச் சேனலில் பெட்டியைச் சேனலைவிட நீளமாக 530 வரை செய்யலாம். பின்னால் 3 செ.மீ. கேபினெட்டுக்குள்ளேயே நிற்கும், ஆனால் பொருள் வைக்க இடம் கிடைக்கும்.

ஆகவே புதுக் கேபினெட், இயந்திரத்தில் வெட்டிய பலகை, தினம் பலமுறை திறக்கும் டிராயர் என்றால் 50 கிலோ ரக அடிச் சேனலையே போடுவேன். பழைய கேபினெட், கையால் வெட்டிய பெட்டி, பலகைக் கனம் இடத்துக்கு இடம் மாறுகிறது என்றால் 45 கிலோ பக்கவாட்டுச் சேனல். கருவிப் பெட்டி, இரும்புச் சாமான் என்று 50 கிலோவைத் தாண்டினால் பேச்சே இல்லை, கனரகப் பக்கவாட்டுச் சேனல்தான். அதன் தகடு தடிமன், பக்கத்துக்கு 19 மி.மீ. இடைவெளி கேட்கும் ரகங்களும் உண்டு. பெட்டியை வெட்டும் முன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பக்கவாட்டுச் சேனலைப் போட்டவர்கள் டிராயரைக் கழற்றித் திரும்ப மாட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணிகளைத் தாங்கும் கூண்டை முன் விளிம்புவரை இழுத்து வைத்துவிட்டுத்தான் டிராயரை உள்ளே தள்ள வேண்டும். கூண்டு நடுவழியில் நிற்கும்போது தள்ளினால், உள் தகடு அதன் மேல் மோதி நசுக்கி, மணிகள் சிதறும். அதற்குப் பிறகு அந்தச் சேனல் பழையபடி ஓடாது, ஜோடியையே மாற்ற வேண்டியதுதான்.