ஐந்து ஆட்டச் சராசரியா, ஆட்டத்துக்கொரு புள்ளியா: மூன்று சீசன் பாவித்த அனுபவம்

திருகோணமலையில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்துக்கு மூன்று சீசனாகக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஏகாம்பரம் மைதானத்தில் ஆட்டம் நடந்தால் கொப்பியும் பேனையுமாக ஓரத்தில் இருப்பேன். வீட்டுக்கு வந்து எக்செலில் ஏற்றி, வரைபடத்தை ஃபோனில் கோச்சுக்குக் காட்டுவேன்.

முதல் சீசனில் ஐந்து ஆட்ட நகரும் சராசரியை மட்டுமே காட்டினேன். கடைசி ஐந்து ஆட்டங்களைக் கூட்டி ஐந்தால் பிரித்த கோடு அது. பார்க்க வழுவழுப்பாக, படித்தவன் போட்ட படம் மாதிரி இருக்கும். அந்த அழகில்தான் நானும் ஏமாந்தேன்.

நடுக்களத்தில் ஆடும் ஒரு பெடியன். எதிரணியிடம் இருந்து அவன் பறித்த பந்துகளை எண்ணி வந்தேன். முதல் பதினொரு ஆட்டங்களில் 6, 7, 5, 6, 7, 15, 6, 7, 6, 7, 7. ஆறாவது ஆட்டத்தின் 15க்குக் காரணம் மார்கழி மழை. மைதானத்தில் தண்ணீர் தேங்கி, பந்து உருளாமல் சேற்றில் நின்றது. யார் காலிலும் தங்கவில்லை. அவனும் மற்றவர்களைப் போலவே ஓடி ஓடிப் பொறுக்கினான்.

இதைச் சராசரியாகப் போட்டபோது ஐந்தாவது ஆட்டத்தில் 6.2 இருந்த கோடு ஆறாவதில் 8க்கு ஏறியது. பத்தாவது வரை எட்டை ஒட்டியே நின்றது. பதினோராவதில் 8.2இல் இருந்து 6.6க்கு விழுந்தது. கோச் படத்தில் விரலை வைத்தார். “தம்பி, இந்த மேட்ச்சில இவனுக்கு என்ன நடந்தது? காலில ஏதும் பிரச்சினையோ?”

ஒன்றும் நடக்கவில்லை. அன்றும் அவன் 7 பந்து பறித்திருக்கிறான், முந்தின ஆட்டத்திலும் 7தான். ஆறாவது ஆட்டத்தின் 15 ஐந்து ஆட்டக் கணக்கை விட்டு வெளியே போனதால்தான் கோடு விழுந்தது. கோடு ஒவ்வொரு முறையும் நகரும் அளவு, புதிதாக வந்த எண்ணில் இருந்து வெளியேறிய எண்ணைக் கழித்து ஐந்தால் பிரித்தது. இங்கே (7 − 15) ÷ 5 = −1.6. ஐந்து ஆட்டத்துக்கு முன் பெய்த மழைக்கு, சும்மா ஆடிய பெடியனை வெளியே இருத்தப் பார்த்தோம். சராசரிக் கோடு திடீரென ஏறி, மேசை மாதிரி மட்டமாக நின்று, சரியாக ஐந்து ஆட்டம் கழித்து விழுந்தால், அது ஒற்றை ஆட்டத்தின் நிழல் என்று இப்போது பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது.

சரி, இது வேண்டாம் என்று அடுத்த சீசன் முழுக்க ஒவ்வோர் ஆட்டத்தின் எண்ணையும் தனித்தனிப் புள்ளியாக வைத்து, அந்தப் புள்ளிகளை மட்டும் காட்டினேன். அப்புறம் வேறு தலையிடி. ஓரத்தில் ஆடும் ஒருவன் கோல் முன்னால் அனுப்பிய பந்துகள்: 8, 5, 9, 6, 7, 4, 7, 3, 6, 3, 5. கோச் எப்போதும் கடைசிப் புள்ளியைத்தான் பார்ப்பார். 3க்குப் பிறகு 6 வந்தபோது “ஏறுதுதானே” என்றார். ஆனால் முதல் ஐந்தின் சராசரி 7, கடைசி ஐந்தினது 4.8. பற்கள் மாதிரி ஏறி இறங்கும் புள்ளிகளுக்குள் சரிவு ஒளிந்துகொண்டது. சராசரிக் கோடும் உடனே சொல்லியிருக்காதுதான். ஐந்து ஆட்டச் சராசரி உண்மையில் நடு ஆட்டத்தின் நிலையைத்தான் காட்டுகிறது, அதாவது இரண்டு ஆட்டம் பழைய செய்தி. என்றாலும் கடைசியில் சொல்லியிருக்கும்.

மூன்றாவது சீசனில் இரண்டையும் ஒரே படத்தில் போடுகிறேன். புள்ளிகள் கடும் கறுப்பு, கோடு மங்கல் சாம்பல். கண் முதலில் புள்ளிக்குப் போக வேண்டும் என்பதற்காகவே அந்த நிற வித்தியாசம். முதல் நான்கு ஆட்டங்களுக்குக் கோடு கிடையாது. இரண்டு ஆட்டத்தை வைத்துச் சராசரி போட்டு வெற்றிடத்தை நிரப்பும் ஆசையை விட்டுவிட்டேன். மழை ஆட்டம் போன்றவற்றின் பக்கத்தில் ‘சேறு’ என்று ஒரு சொல் எழுதுவேன்.

மாற்று வீரராக இறங்கியவர்களுக்கு இன்னொரு கவனம் தேவை. 20 நிமிடம் ஆடி 3 பந்து பறித்தவனை 90 நிமிடத்துக்குக் கணக்கிட்டால் 13.5 வரும், பெரிய சூரன் போலத் தெரிவான். ஆகவே 45 நிமிடத்துக்குக் குறைந்த ஆட்டங்களை வெற்று வட்டமாகக் காட்டுகிறேன். சராசரிக்கு ஆட்டவாரி விகிதங்களைக் கூட்டாமல், மொத்தப் பறிப்பை மொத்த நிமிடத்தால் பிரிக்கிறேன். B எண்ணிக்கை, C நிமிடம்:

```
=SUM(B2:B6)/SUM(C2:C6)*90
```

கோட்டுக்குச் சராசரிக்குப் பதில், ஐந்து எண்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணான இடைநிலையும் (`MEDIAN`) போட்டுப் பார்த்தேன். அந்த நடுக்களப் பெடியனுக்கு ஆறாவது, பத்தாவது, பதினோராவது மூன்றிலுமே 7தான் வந்தது. மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் கோச்சுக்கு அதை விளங்கப்படுத்த முடியவில்லை. “கூட்டிப் பிரிக்கிறது எனக்குத் தெரியும், இது என்ன?” என்றார். அவர் வாசிக்காத கோட்டை வரைந்து என்ன செய்ய? சராசரிக்கே திரும்பிவிட்டேன், ‘சேறு’ என்ற சொல்லோடு.