ஒரு மணி நேரமா, இரவு முழுவதுமா: ஈகோஆர்ஐ நொதியால் பிளாஸ்மிடை வெட்டுதல்

பியூசி19 என்பது பிளாஸ்மிட் எனப்படும் சிறு வட்ட டிஎன்ஏ; ஈகோஆர்ஐ, டிஎன்ஏவைக் குறிப்பிட்ட வரிசையில் வெட்டும் நொதி. 1 மைக்ரோகிராம் பியூசி19ஐ 50 மைக்ரோலிட்டர் கலவையில் வெட்ட, 10 யூனிட் நொதியை இட்டு 37 டிகிரி செல்சியஸில் 1 மணி நேரம் வைக்கலாம். அல்லது 1 யூனிட் மட்டும் இட்டு இரவு முழுவதும் விடலாம்.

1 யூனிட் என்பது லாம்டா என்னும் வைரஸின் 1 மைக்ரோகிராம் டிஎன்ஏவை 1 மணி நேரத்தில் முழுமையாக வெட்டும் அளவு. 48,502 காரஇணைகள் கொண்ட லாம்டாவில் ஈகோஆர்ஐ வெட்டும் இடங்கள் 5. 2,686 காரஇணைகளே கொண்ட பியூசி19இல் ஒன்று. ஆகவே, ஒரே எடையில் பியூசி19இல் வெட்டுமிடங்கள் ஏறத்தாழ 3.6 மடங்கு அதிகம். பிளாஸ்மிட் முறுக்கிச் சுருண்டிருக்கும் மீச்சுருள் வடிவமும் வெட்டைத் தாமதப்படுத்துவதால் 4 யூனிட் போதாமல் போகலாம், 10 யூனிட் பாதுகாப்பானது. மைக்ரோலிட்டருக்கு 20 யூனிட் உள்ள கரைசலில் அது 0.5 மைக்ரோலிட்டர்தான்.

இரவு முழுவதும் வைப்பது நொதியை மிச்சப்படுத்தும்; 20 மைக்ரோகிராம் போன்ற பெரிய அளவுக்கு அதுவே சிக்கனம். ஆனால் நொதி அவ்வளவு நேரம் செயல்திறனோடு இருக்க வேண்டும். மேலும், குழாயின் மூடியில் நீர் ஆவியாகிப் படிந்தால் நொதிக் கரைசலோடு வந்த கிளிசராலின் செறிவு கூடி, வழக்கமான ஈகோஆர்ஐ தன் வரிசையைப் போன்ற பிற வரிசைகளையும் வெட்டத் தொடங்கும். குளோனிங்கிற்கு நான் 1 மணி நேர முறையையே தேர்வேன்.

எந்த முறையானாலும், 5 மைக்ரோலிட்டரை, அதாவது 100 நானோகிராமை, 1 சதவீத அகரோஸ் ஜெல்லில் வெட்டாத பிளாஸ்மிடுக்கு அருகில் ஓட்டிப் பார்க்க வேண்டும். 2.7 கிலோபேஸில் ஒரே பட்டை தெரிந்தால் வெட்டு முழுமையானது. அதற்குக் கீழே, வெட்டாத தடத்தின் மீச்சுருள் பட்டைக்கு நேராக மங்கலான பட்டை இருந்தால் வெட்டு குறை. அந்தத் தடத்தில் இல்லாத சிறு துண்டுகள் தெரிந்தால், பிற வரிசைகளும் வெட்டப்பட்டதாகச் சந்தேகிக்க வேண்டும்.